புதுப்பிப்பு: சாக்கடைக் குழாய் பதித்தாகிவிட்டது

நான் கேட்டது: "வீட்டிலிருந்து தெருச் சேம்பர் வரை 12 மீட்டர். 110 மி.மீ. குழாய்க்கு வாட்டம், மணல், மூடுமண் எவ்வளவு?"

கொத்தனார் சொன்ன 60-க்கு 1 வாட்டமே வைத்தோம். மொத்த இறக்கம் 20 செ.மீ.; டியூப் லெவலில் சரிபார்த்தேன். 20-க்கு 1 வைக்கச் சொன்ன நண்பரே, வேகம் கூடும், சரி. ஆனால் 60 செ.மீ. இறங்கினால் குழாய் தெருச் சேம்பர் வாய்க்குக் கீழே போய்விடும்.

பள்ளத்தின் அகலம் 50 செ.மீ., ஆழம் 60-லிருந்து 80. தோண்டிய மண் 4.2 கன மீட்டர். அடியில் 10 செ.மீ. மணலுக்கு 0.6, குழாய்க்கு 0.1 போக மூடுமண் 3.5. இணைப்புகளுக்குக் கீழே மணலைக் குடைந்துவிட்டோம்; இல்லையென்றால் குழாய் இணைப்பில் மட்டும் தாங்கி நடுவில் தொய்யும், அங்கே கசடு தேங்கும்.

செப்டிக் டேங்க் கேட்டவருக்கு: இங்கே அது இல்லை. கார் ஏறும் கேட் அருகே கான்கிரீட் போடுவதா என்பது இன்னும் முடிவாகவில்லை.