இன்டர்னல் 28. ஏ கிரேடுக்கு எவ்வளவு எடுக்க வேண்டும்? மனக்கணக்கு வழி வேண்டும்

பேக்பெஞ்ச்_பாலு: நாளை காலை தேர்வு. இன்டர்னல் 28. ஏ வாங்க எவ்வளவு எழுத வேண்டும்? இன்னும் மூன்று பாடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கால்குலேட்டர் தட்டாமல் பஸ்ஸிலேயே மனதில் போட ஏதாவது வழி சொல்லுங்கள். அவசரம்.

மழைத்துளி: 28 எத்தனைக்கு? 40க்கா, 50க்கா? ஏ என்றால் எத்தனையிலிருந்து?

சீனியர்_சிங்கம்: ஒவ்வொரு செமஸ்டரும் யாராவது இதையே கேட்கிறார்கள். எட்டாம் வகுப்புக் கணக்கு இது, தம்பி. வேண்டிய மொத்தத்தில் இன்டர்னலைக் கழி, வந்ததோடு அதில் கால்வாசியைக் கூட்டு. நாங்கள் எல்லாம் அப்படித்தான் போட்டோம்.

மழைத்துளி: அது 20-80 பிரிப்புக்கு. இருபதுக்கு 28 எப்படி வாங்குவார், அண்ணா?

கணக்குப்புலி: அவ்வளவு யோசிக்க வேண்டாம். 71 வேண்டும் என்றால் 71-இல் 28 போக 43. 43 எடுத்தால் போதும்.

பேக்பெஞ்ச்_பாலு: மன்னிக்கவும். இன்டர்னல் 40க்கு. தேர்வு நூறுக்கு எழுதி 60க்குக் குறைப்பார்கள். எங்கள் கல்லூரியில் 71 முதல் ஏ, 81 முதல் ஏ பிளஸ், 91 முதல் ஓ. வகுப்பைப் பார்த்து எல்லை மாறாது.

கரும்பலகை: அப்படியானால் கணக்குப்புலியின் 43 என்பது 60க்கு. விடைத்தாள் நூறுக்கு. 43 என்று நம்பிப் போனால் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் மேலிருந்து கீழே வருவேன். இன்டர்னலோடு 60ஐக் கூட்டுங்கள்: 88. தேர்வில் நூற்றுக்கு நூறு எடுத்தால் இதுதான் மொத்தம். ஓ கிடையாது என்று இங்கேயே தெரிந்துவிடும். 71 வேண்டும் என்றால் 17 இழக்கலாம். மொத்தத்தில் 3 என்பது விடைத்தாளில் 5. பதினைந்துக்கு 25, மீதி இரண்டுக்கு 3 சொச்சம். ஆக 28 மதிப்பெண் விடலாம், 72 எடுக்க வேண்டும். ஏ பிளஸ்ஸுக்கு 7 இழக்கலாம்: ஆறுக்கு 10, ஒன்றுக்கு ஒன்றரைக்குச் சற்று மேல். 11 விடலாம், 89 வேண்டும். விடக்கூடியதில் பின்னம் வந்தால் எப்போதும் கீழே தள்ளுங்கள்.

சீனியர்_சிங்கம்: எதற்கு இந்தச் சுற்று? 28 என்பது 70 சதவீதம். 71-ஐ இரட்டித்து 70 கழித்தால் 72. முடிந்தது.

கரும்பலகை: இரண்டும் சரிபாதி எடை என்றால்தான் அது சரி. இங்கே விடை பொருந்தியது தற்செயல். அதே வழியில் 81க்குப் போடுங்கள், 92 வரும். உண்மையில் 89 போதும்.

மழைத்துளி: 71 எடுத்தாலும் மொத்தம் 70.6 வரும். அதை 71 ஆக்கிவிட மாட்டார்களா?

சீனியர்_சிங்கம்: ஆக்குவார்கள். எங்களுக்கு ஆக்கினார்கள்.

கணக்குப்புலி: எங்கள் கல்லூரியில் ஆக்கவில்லை. என் நண்பனுக்கு 70.6-இல் பி பிளஸ்தான்.

சீனியர்_சிங்கம்: அவன் சரியாகப் பார்த்திருக்க மாட்டான்.

கணக்குப்புலி: மதிப்பெண் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பட்டுமா?

கரும்பலகை: அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். 72 என்றே வைத்துக்கொண்டு படியுங்கள்.

அம்மா_கேள்வி: ஒரு சந்தேகம். என் மகன் ப்ளஸ் டூ. இயற்பியலில் செய்முறையும் அகமதிப்பீடும் சேர்த்து 30க்கு 28. தேர்ச்சிக்கு 35 என்றால் எழுத்துத் தேர்வில் 7 போதும்தானே? அவன் அப்படிச் சொல்லிவிட்டுத் தூங்குகிறான்.

கரும்பலகை: எழுப்புங்கள், அம்மா. எழுத்துத் தேர்வில் தனியாக 70க்கு 15 வேண்டும். பாலு, உங்களுக்கும் இதே பொறி உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி மொத்தம் 50 மட்டும் போதாது, தேர்வில் 45 சதவீதமும் வேண்டும். இன்டர்னல் 23 இருந்தால் சரியாக 45 வரும். அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் 45க்குக் கீழே இறங்காது. 23க்குக் கீழே ஒவ்வொரு 3 குறைவுக்கும் 5 கூடும். இருபதுக்கு 50, பதினேழுக்கு 55. உங்கள் கல்லூரி தன்னாட்சி என்றால் கையேட்டை ஒரு முறை பாருங்கள்.

மழைத்துளி: 50-50 பிரிப்பு என்றால்?

கரும்பலகை: ஒன்றுக்கு இரண்டு. அங்கே சிங்கத்தின் இரட்டிப்பு சரி.

சீனியர்_சிங்கம்: அதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

மழைத்துளி: முதலில் கால்வாசி என்றீர்கள்!

பேக்பெஞ்ச்_பாலு: இன்டர்னல் 28 இல்லையாம், 26. இப்போதுதான் ஒட்டியிருக்கிறார்கள். 86, இழக்க 15, அதாவது 25. எனவே 75. ஹாலுக்குள் போகிறேன்.