புதுப்பிப்பு: சனிக்கிழமைக் கணக்கில் இடித்த 2,850 ரூபாய்

போன வாரம் நான் கேட்டது: “என் சேலைக் கடை ஆன்லைன் விற்பனை ரிப்போர்ட்டில் சனிக்கிழமை 41,300. பேமென்ட் ரிப்போர்ட்டில் 38,450. எதை நம்புவது?”

கமிஷன் பிடித்திருப்பார்கள் என்றான் தம்பி. கமிஷன் பிடிப்பது உண்மைதான், ஆனால் வங்கிக்குப் பணம் அனுப்பும்போது. பேமென்ட் ரிப்போர்ட்டில் முழுத்தொகைதான் இருக்கிறது. பக்கத்து மளிகைக்கடை அக்கா தன் தராசுச் சண்டையைச் சொல்லி அரைமணி நேரம் ஓட்டினார்.

கடைசியில் ஆடிட்டர் அண்ணாதான், “ஆர்டர் நேரத்தைப் பாரும்மா” என்றார். பேமென்ட் ரிப்போர்ட் யுடிசி என்கிற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அதற்கு நாள் மாறுவது நமக்கு விடிகாலை 5.30க்கு. வெள்ளி நள்ளிரவு தாண்டி 12.40க்கும் 1.15க்கும் வந்த இரண்டு ஆர்டர், மொத்தம் 2,300, அங்கே வெள்ளிக்கிழமையிலேயே உட்கார்ந்திருந்தன. ஞாயிறு விடிகாலையில் ஆர்டர் இல்லாததால் ஈடுகட்டவும் ஒன்றுமில்லை. செட்டிங்கில் இந்திய நேரம் வைத்ததும் அவை சனிக்கு வந்துவிட்டன.

மீதி 550 இன்னும் இடிக்கிறது. திரும்பி வந்த பிளவுஸ் துணியோ என்று சந்தேகம். அது தெரியும்வரை டாஷ்போர்டை மூடிவிட்டு, ஆர்டர் எண்ணோடு நோட்டில் எழுதுகிறேன். தம்பி சிரிக்கிறான், சிரிக்கட்டும்.