அரிசி மூட்டையைத் தாங்கிய சுவர் பெயர்ப்பலகையைத் தாங்கவில்லை: உங்கள் கேன்டிலீவர் அனுபவம்?

பட்டறைக்காரன், ஜெலுத்தோங்

ஆறு மாதம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கடைவீடு. அஞ்சடி நடைபாதைக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பெயர்ப்பலகை வேலை. இரும்புக் கை 1.2 மீட்டர், ஒரு பக்கம் மட்டும் சுவரில் பிடித்து மறுபக்கம் சும்மா நீளும் கேன்டிலீவர். பலகை 40 கிலோ, நுனியில் தொங்கும். சுவரில் 20 சென்டிமீட்டர் உயரத் தட்டு, மேலே இரண்டு போல்ட், கீழே இரண்டு.

எனக்கே ஒரு சந்தேகம். முதல் நாள் 10 கிலோ அரிசி மூட்டை நான்கை அந்த இரும்புக் கையில் தொங்கவிட்டு ஒரு ராத்திரி விட்டேன். நுனி வரை தூக்கச் சோம்பல். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டரிலேயே கட்டினேன். கொஞ்சமும் அசையவில்லை. மறுநாள் பலகையை நுனியில் மாட்டிவிட்டு ஏணியில் இறங்குகிறேன், தோளில் வெள்ளையாக ஏதோ கொட்டியது. அண்ணாந்து பார்த்தால் தட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கோடு, மயிரிழைதான். பையன் நாற்காலி கொண்டு வருவதற்குள் அதில் விரல் நுழையும் அளவு ஆகிவிட்டது. கயிறு போட்டு இறக்கினோம், யாருக்கும் அடியில்லை. போல்ட் ஒன்றும் அறுந்துபோகவில்லை. சுண்ணாம்புப் பூச்சையும் செங்கல் தூளையும் இழுத்துக்கொண்டு, மேல் போல்ட்டுகளைச் சுவரில் பிடித்திருந்த பிளக் இரண்டும் வெளியே வந்திருந்தன. அதே 40 கிலோதானே?

செந்தூல்வாசி

அண்ணே, நுனியில் மாட்டினால் எடை கூடிவிடும். சுவரிலிருந்து 10 சென்டிமீட்டரில் இருந்தது 120க்குப் போனதல்லவா, 12 மடங்கு. அப்படியென்றால் சுவர் 480 கிலோ தாங்க வேண்டும். போன வருடம் எங்கள் பிளாட்டில் ஏர்கான் வெளிப்பெட்டி பிராக்கெட் தொங்கிப்போனதும் இதனால்தான். அந்த ஆள் பெட்டியைச் சுவரிலிருந்து ரொம்பத் தள்ளி வைத்துவிட்டான். கேட்டால் காற்று போக இடம் வேண்டுமாம்.

ரிட்டையர்டு சைட், பிரிக்பீல்ட்ஸ்

செந்தூல் தம்பி, 12 மடங்கு சரி, எதன் 12 மடங்கு என்பதில்தான் தப்பு. எடை எங்கே தொங்கினாலும் சுவர் மேல்நோக்கித் தாங்குவது அதே 40 கிலோ, அதாவது சுமார் 400 நியூட்டன்தான். கூடுவது சுவர் எதிர்த்துக் கொடுக்க வேண்டிய திருகல், அதாவது மொமென்ட். பக்கத்தில் கட்டியபோது 400 ஐ 0.1 ஆல் பெருக்கினால் 40 நியூட்டன் மீட்டர். நுனியில் 1.2 ஆல் பெருக்கினால் 480. பட்டறைக்காரர் சோதித்தது கீழ்நோக்கிய பாரத்தை. தட்டைப் பிடுங்கிய திருகலைச் சோதிக்கவே இல்லை.

அந்த 480 சுவருக்குள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். தட்டு தன் கீழ் விளிம்பை ஊன்றிக்கொண்டு மேல்பக்கம் திறக்கப் பார்க்கிறது. மேல் போல்ட்டிலிருந்து கீழ் விளிம்பு வரை 16 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 480 ஐ 0.16 ஆல் வகுத்தால் 3000 நியூட்டன். மேல் போல்ட் இரண்டும் சேர்ந்து சுமார் 300 கிலோ இழுவையில் நிற்கின்றன, ஒவ்வொன்றும் 150. அரிசி மூட்டையில் இது இரண்டுக்கும் சேர்த்தே 25 கிலோதான். கீழ் விளிம்பு அதே 3000 நியூட்டனோடு சுவரை உள்ளே அழுத்துகிறது. இழுவையும் அழுத்தமும் கிடைமட்டத்தில் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால் சுவர் திருப்பிக் கொடுக்கும் மொத்த விசையில், அதாவது ரியாக்ஷனில், அவை தெரியாது. ஆனால் பிளக்குக்கு மொத்தக் கணக்கு தெரியாது, தன் பங்குதான் தெரியும். கீழே சுண்ணாம்புப் பூச்சு நசுங்க ஆரம்பித்தால் அந்த 16 இன்னும் குறையும், இழுவை ஏறும். அந்தக் கோடு ஒரே இடத்தில் நிற்காமல் விரிந்துகொண்டே போனது அதனால்தான் இருக்கும். கையின் சொந்த எடையை விட்டுவிட்டீர்கள். 6 கிலோ என்றால் அதன் பாரம் நடுவில், 0.6 மீட்டரில். அந்த 480 உடன் இன்னும் 36 சேர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு உறுத்துவது வேறு. கோலாலம்பூரில் ஒரு பால்கனி ஸ்லாப், மழைக்கு முன் கான்கிரீட் ஊற்ற அவசரம். மேல் கம்பிமேல் ஆட்கள் நடந்து நடந்து அது கான்கிரீட்டுக்கு அடியில் அடித்த பலகையோடு படுத்துவிட்டது. கேன்டிலீவரில் பிளவு மேல்பக்கம்தான் வரும், கம்பியும் அங்கேதான் வேண்டும். சுவரோரத்தில் என் விரலை விட்டுப் பார்த்தேன், கம்பி கீழே கிடந்தது. நிறுத்து என்று கத்தினேன். அன்றைக்கு ஊற்றவில்லை. ஒரு வாரம் என்னோடு யாரும் டீ குடிக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு, செத்தாப்பாக்

அங்கிள், எனக்கு இதே விஷயத்தில் பரீட்சையில் அடி. கேன்டிலீவர் நுனியில் 5 கிலோ நியூட்டன் பாரம், நீளம் 2 மீட்டர், ரியாக்ஷன் கேட்டார்கள். மேல்நோக்கி 5 என்று எழுதினேன், சரி. மொமென்ட்டை நுனியைச் சுற்றி எடுத்தேன். பாரம் அந்தப் புள்ளியிலேயே இருக்கிறதே, அதனால் மொமென்ட் பூஜ்யம் என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். பேப்பர் திரும்பி வந்தபோது அடிக்கோட்டுக்குக் கீழே சிவப்பில் ஒரே வரி: "சுவர் எங்கே போனது?"

ரிட்டையர்டு சைட், பிரிக்பீல்ட்ஸ்

நல்ல கேள்வி கேட்டிருக்கிறார். நுனியைச் சுற்றி எடுப்பதில் தப்பில்லை. ஆனால் அப்போது சுவரின் 5 கிலோ நியூட்டன் 2 மீட்டர் தள்ளி நின்று 10 கொடுக்கும். அதை நிறுத்த சுவரே எதிர்த்திசையில் 10 கொடுத்தாக வேண்டும். எந்தப் புள்ளியைச் சுற்றி எடுத்தாலும் அதே 10 வராவிட்டால் ஏதோ ஒன்றை விட்டுவிட்டாய். சுவர் இடப்பக்கம் இருந்தால் பாரம் கடிகாரத் திசையில் திருப்பும், சுவரின் மொமென்ட் எதிர்த் திசையில். அம்புக்குறியையும் பார்த்துக்கொள்.

அம்பாங் அக்கா

எங்கள் வீட்டில் துணி காயப்போடும் குழாய் நடுவில் வளைகிறது. இரண்டு பக்கமும் சுவர். 20 கிலோ ஈரத்துணி என்றால் பக்கத்துக்கு 10 கிலோதானே? இதற்கும் மொமென்ட் பார்க்க வேண்டுமா?

செந்தூல்வாசி

அக்கா, இரண்டு பக்கமும் பிடித்திருந்தால் அது கேன்டிலீவர் இல்லை. பாதி பாதிதான். ஆனால் சமமாகக் காயப்போட்டால்தான்.

பட்டறைக்காரர் அண்ணனுக்கு ஒரு யோசனை. நுனியிலிருந்து மேலே சாய்வாக ஒரு சங்கிலி போடுங்கள். கையின் அடியிலிருந்து 90 சென்டிமீட்டர் மேலே சுவரில் கட்டினால் சுவர், கை, சங்கிலி மூன்றும் சேர்ந்து 3-4-5 முக்கோணம் வரும். பலகையின் 400 நியூட்டனை மட்டும் வைத்துப் பார்த்தால், சங்கிலியில் சுமார் 670, அதில் சுவரை வெளியே இழுப்பது 530தான். 3000 எங்கே, 530 எங்கே. கையின் அடி சுவரை உள்ளேதான் தள்ளும், பிடுங்காது. சங்கிலியைத் திருகி இறுக்க டர்ன்பக்கிள் வையுங்கள், துருப்பிடிக்காததாக. கடற்கரைக் காற்று. கொக்கியைப் பூச்சில் போடாதீர்கள், செங்கல் வரை போங்கள், இணைப்புச் சாந்தில் துளை போடாதீர்கள்...

ரிட்டையர்டு சைட், பிரிக்பீல்ட்ஸ்

பரவாயில்லை, தம்பி கணக்கில் தேறிவிட்டார். ஆனால் சங்கிலி ஒரு சென்டிமீட்டர் தளர்ந்திருந்தாலும் முதலில் கேன்டிலீவராகத்தான் வேலை செய்யும். பிளக் இளகிய பிறகுதான் சங்கிலி இறுகும். அதோடு பலகையில் காற்று பக்கவாட்டில் அடித்தால் இந்தச் சங்கிலிக்கு ஒரு வேலையும் இல்லை. அதற்கு நான் உள்பக்கம் தட்டு வைத்துச் சுவரின் குறுக்கே முழு போல்ட் விடச் சொல்வேன்.

செந்தூல்வாசி

பழைய கடைவீட்டுச் சுவரில் குறுக்கே துளையா? வீட்டுக்காரர் விடுவாரா, அங்கிள்?

பட்டறைக்காரன், ஜெலுத்தோங்

விடவில்லை. அதனால்தான் சங்கிலியில் நிற்கிறது. காற்றுக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை, பக்கத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு சங்கிலி கேட்டால் கடைக்காரர் முகம் சுளிக்கிறார். இந்த முறை பலகையை மாட்டும் முன் நான்கு மூட்டையையும் நுனியில் கட்டினேன், ஏணியைச் சுமந்து வந்த பையன்தான் சிரித்தான். தட்டின் மேல் விளிம்பில் ஒரு காகிதத் துண்டைச் செருகிப் பார்த்தேன். போகவில்லை.