200 முறை என்று வரம்பு வைத்த முதல் ஆர்டர் கூப்பன் 214 ஆர்டர்களில் பயன்பட்டிருக்கிறது: தவறு எங்கே?

நிரல்நாடி:

வணக்கம். ஓர் இணையக் கடையின் மென்பொருளை நான் எழுதிப் பராமரித்து வருகிறேன். தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ். சென்ற மாதம் `WELCOME` என்ற தள்ளுபடிக் குறியீட்டை மூன்று நிபந்தனைகளோடு வெளியிட்டோம்: மொத்தம் 200 முறைதான் பயன்படுத்தலாம், 30-ஆம் தேதி வரை செல்லும், வாடிக்கையாளரின் முதல் ஆர்டருக்கு மட்டுமே பொருந்தும். மூன்றுமே ஏதோ ஒரு வகையில் மீறப்பட்டுவிட்டன.

தள்ளுபடி பெற்ற ஆர்டர்களை எண்ணினால் 214 வருகிறது. ஆனால் கூப்பன் வரிசையில் உள்ள `used_count` 206 என்று காட்டுகிறது. 30-ஆம் தேதி காலையில் முயன்றவர்களுக்குக் காலாவதியாகிவிட்டது என்ற செய்தி வந்திருக்கிறது. அதே சமயம் அடுத்த மாதம் 2-ஆம் தேதி ஓர் ஆர்டர் தள்ளுபடியோடு போயிருக்கிறது. ஒரே தொலைபேசி எண்ணில், மூன்று வெவ்வேறு மின்னஞ்சல்களில், நான்கு "முதல்" ஆர்டர்கள் வந்திருக்கின்றன.

இப்போது நிரல் செய்வது இதுதான். கார்ட் பக்கத்தில் குறியீட்டை இட்டவுடன் தேதி, எண்ணிக்கை, முதல் ஆர்டரா என்பது ஆகிய மூன்றையும் சரிபார்க்கிறது. பணம் செலுத்தப்பட்டதும், அல்லது பொருள் கிடைத்தபின் பணம் தருவதாகச் சொன்னால் ஆர்டர் பதிவானதும், `used_count`-ஐப் படித்து ஒன்று கூட்டி மீண்டும் எழுதுகிறது. முதல் ஆர்டரா என்பதை, அந்த மின்னஞ்சலில் `status = 'completed'` ஆன ஆர்டர் ஏதும் இல்லையா என்று பார்த்து முடிவு செய்கிறது. எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

மணல்வீடு:

இது ஒரே நேரத்தில் இரண்டு பேர் உள்ளே நுழைவதால் வரும் சிக்கல். எண்ணிக்கையைப் படிப்பதையும் எழுதுவதையும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வைத்துவிடுங்கள், சரியாகிவிடும். காலாவதிக்கு 30-ஆம் தேதி 23:59:59 என்று எழுதிவிட்டால் போதும்.

ஏரிக்கரை:

மணல்வீடு அவர்கள் நோயைச் சரியாகச் சொல்லிவிட்டார், ஆனால் அந்த மருந்து மட்டும் போதாது. டிரான்சாக்ஷனுக்குள் வைத்தாலும், போஸ்ட்கிரெஸின் இயல்பான நிலையில் இரண்டு டிரான்சாக்ஷன்களும் 150 என்று படித்து, இரண்டுமே 151 என்று எழுத முடியும். யாரும் யாரையும் தடுக்கமாட்டார்கள். ஒரு கூட்டல் காணாமல் போய்விடும். படிக்கும்போதே `SELECT ... FOR UPDATE` என்று வரிசையைப் பூட்ட வேண்டும், அல்லது படிப்பதையே விட்டுவிட்டு நிபந்தனையையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக எழுத வேண்டும். நான் இரண்டாவதையே விரும்புவேன்:

```sql
UPDATE coupons
SET used_count = used_count + 1
WHERE code = 'WELCOME'
  AND used_count < max_uses
  AND starts_at <= now()
  AND expires_at > now();
```

ஒரு வரிசை மாறியது என்று விடை வந்தால் இடம் கிடைத்தது. சுழியம் என்று வந்தால் கூப்பன் இல்லை. இரண்டு பேர் ஒரே கணத்தில் வந்தாலும், இரண்டாமவர் முதலாமவர் முடிக்கும்வரை காத்திருந்து, மாறிய எண்ணிக்கையை வைத்து நிபந்தனையை மீண்டும் சோதித்த பிறகே உள்ளே போவார்.

நிரல்நாடி அவர்களே, நீங்கள் தந்த எண்களே பாதிக் கதையைச் சொல்லிவிடுகின்றன. 214-க்கும் 206-க்கும் இடையே உள்ள 8, இப்படிக் காணாமல் போன கூட்டல்கள். அவை எண்ணிக்கை 200-ஐத் தொடுவதற்கு முன்பே நடந்திருந்தால், உங்கள் நிரல் 200 என்று நினைத்த நேரத்தில் உண்மையில் 208 ஆர்டர்கள் முடிந்திருக்கும். மீதி 6 வேறு வகையாக இருக்க வேண்டும்: வரம்பு முடிவதற்கு முன்பே கார்ட்டில் குறியீட்டை இட்டு வைத்துவிட்டுப் பிறகு வந்து பணம் கட்டியவர்கள். அந்தக் கடைசி ஆறு ஆர்டர்களிலும் குறியீடு இடப்பட்ட நேரத்தையும் ஆர்டர் பதிவான நேரத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே நொடியில் குவிந்திருந்தால் என் கணக்குத் தவறு. மணிக்கணக்கில், நாள்கணக்கில் சிதறியிருந்தால் கார்ட்டில் மட்டும் சரிபார்ப்பதுதான் காரணம்.

கல்தூண்:

எங்களுக்கும் இதே அனுபவம் உண்டு. நாங்கள் சொந்தமாக நிரல் எழுதவில்லை, ஆயத்தக் கடை மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறோம். சந்தாதாரர்களுக்கு மட்டும் அனுப்பிய குறியீட்டை யாரோ கூப்பன் திரட்டும் தளத்தில் போட்டுவிட்டார்கள். அதனால் உங்களுடையதும் கசிந்திருக்கும் என்று நினைக்கிறேன். ஆளுக்கொரு குறியீடு உருவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை என்று வரம்பு வையுங்கள். ஆனால் `NEW001`, `NEW002` என்று வரிசையாக வைத்துவிடாதீர்கள். நாங்கள் அப்படி வைத்து, ஒருவர் அடுத்தடுத்த எண்களை முயன்று நாற்பது குறியீடுகளை எடுத்துக்கொண்டார்.

நிரல்நாடி:

நன்றி கல்தூண் அவர்களே. எங்கள் குறியீடு முகப்புப் பக்கத்திலேயே வெளிப்படையாக இருந்தது, ஆகவே இங்கே கசிவு ஒரு பொருட்டல்ல. அடுத்த முறை தனித்தனிக் குறியீடுகள் தந்தால் சீரற்ற எழுத்துகளைத்தான் வைப்பேன்.

ஏரிக்கரை அவர்களே, பதிவுகளைப் பார்த்தேன். கடைசி ஆறும் சிதறித்தான் இருக்கின்றன. 2-ஆம் தேதி ஆர்டரில் குறியீடு இடப்பட்டது 26-ஆம் தேதி இரவு. அந்தக் கார்ட் ஒரு வாரம் அப்படியே கிடந்திருக்கிறது. அப்படியானால் சரிபார்ப்பைப் பணம் செலுத்தும் கட்டத்துக்கு மாற்றிவிடலாமா? பணம் கட்டிய பிறகு "கூப்பன் தீர்ந்துவிட்டது" என்று சொல்ல முடியாதே.

ஏரிக்கரை:

சொல்லவே கூடாது. ஆகவே இடம் பிடிக்க வேண்டிய கணம், "ஆர்டர் செய்" பொத்தானை அழுத்தியதற்கும் பேமெண்ட் பக்கம் திறப்பதற்கும் நடுவில்தான். கார்ட்டில் செய்யும் சரிபார்ப்பு வாடிக்கையாளருக்குத் தொகையைக் காட்டுவதற்கு மட்டுமே; அது எதையும் உறுதி செய்யாது. ஆர்டர் வரிசையை உருவாக்கும் அதே டிரான்சாக்ஷனில் மேலே உள்ள கட்டளையை ஓட்டி, `coupon_redemptions` என்ற தனி அட்டவணையில் `held` என்ற நிலையில் ஒரு வரிசை எழுதுங்கள். பணம் வந்தால் அது `used` ஆகும். பணம் வராமல் 15 நிமிடம் போனால் `released` ஆக்கி, எண்ணிக்கையில் ஒன்று குறைக்க வேண்டும். பொருள் கிடைத்தபின் பணம் தருபவர்களுக்குக் காத்திருப்பு வேண்டாம், நேராக `used`.

இங்கே பலரும் சறுக்குவது விடுவிக்கும் வேலையில்தான். பேமெண்ட் தோல்வி என்ற செய்தியும் 15 நிமிடக் கெடுவும் ஒரே நேரத்தில் வந்தால், எண்ணிக்கை இரண்டு குறைந்து வரம்பு மீண்டும் ஓட்டையாகிவிடும். ஆகவே `status = 'held'` ஆக இருந்தால் மட்டுமே `released` ஆக மாற்றுங்கள். உண்மையிலேயே ஒரு வரிசை மாறியிருந்தால் மட்டுமே எண்ணிக்கையைக் குறையுங்கள்.

காலாவதியைப் பற்றி: உங்கள் தரவுத்தள இணைப்பு யூடிசி நேரத்தில் இயங்குகிறது, `expires_at` வெறும் தேதியாக இருக்கிறது என்று ஊகிக்கிறேன். வெறும் தேதி என்றால் அந்த நாளின் தொடக்கமே முடிவாகிவிடும்; யூடிசி நள்ளிரவு உங்களுக்குக் காலை நேரமாக இருப்பதால்தான் 30-ஆம் தேதி காலையிலேயே அந்தச் செய்தி. `timestamptz` வகைக்கு மாற்றி, கடையின் நேரப்படி மறுநாள் 00:00 மணியை எழுதி, அதற்கு முன்பு வரை செல்லும் என்று ஒப்பிடுங்கள். 23:59:59 என்று எழுதினால் கடைசி நொடி விடுபடும் என்பது சிறு விஷயம். எந்த ஊர் நேரம் என்பதைக் குறிக்காமல் எழுதுவதுதான் பெரிய விஷயம்.

மணல்வீடு:

பூட்டாமல் டிரான்சாக்ஷன் மட்டும் போதும் என்று நான் நினைத்தது தவறுதான், சோதித்துப் பார்த்தேன். முதல் ஆர்டர் விதிக்கு, மின்னஞ்சலில் உள்ள புள்ளிகளையும் கூட்டல் குறிக்குப் பின்வருவதையும் நீக்கிவிட்டு ஒப்பிட்டால் போதாதா?

ஏரிக்கரை:

ஜிமெயிலுக்குப் பொருந்தும், அங்கே புள்ளிகள் கணக்கில் வராது, கூட்டல் குறிக்குப் பின்வருவதும் அதே பெட்டிக்குத்தான் போகும். மற்ற எல்லா இடங்களிலும் புள்ளியை நீக்கினால், வெவ்வேறு இரண்டு மனிதர்களை ஒருவராக்கிவிடக்கூடும். எப்படியானாலும், வாடிக்கையாளர் தந்த முகவரியை அப்படியே வைத்துக்கொண்டு, சுருக்கிய வடிவத்தை வேறொரு நெடுவரிசையில் வையுங்கள்.

ஆனால் நிரல்நாடி அவர்களின் நான்கு ஆர்டர்களுக்கு மின்னஞ்சல் மட்டும் காரணமல்ல. மூன்று மின்னஞ்சல்களில் நான்கு ஆர்டர் என்றால் ஏதோ ஒரு மின்னஞ்சலிலேயே இரண்டு வந்திருக்கிறது. `completed` என்பது பொருள் போய்ச் சேர்ந்த பிறகுதானே வரும்? அதுவரை அந்த நபர் உங்கள் நிரலின் கண்ணுக்குப் புதியவராகவே இருப்பார். ரத்து செய்யப்பட்டவை, பணம் வராமல் கெடு முடிந்தவை ஆகியவற்றைத் தவிர மற்ற எல்லா ஆர்டரையும் "முந்தைய ஆர்டர்" என்று எண்ண வேண்டும். அப்போதும் இரண்டு தாவல்களைத் திறந்து ஒரே நேரத்தில் அழுத்தினால் இரண்டும் தப்பும். அதைத் தரவுத்தளமே தடுக்க வேண்டும்:

```sql
CREATE UNIQUE INDEX one_welcome_each
ON coupon_redemptions (offer_group, customer_key)
WHERE status <> 'released';
```

கூப்பனின் எண்ணுக்குப் பதிலாக `offer_group` என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. நாளை `WELCOME` ஒன்றும் நண்பர் பரிந்துரைக் குறியீடு ஒன்றும் இருந்தால், இரண்டுமே முதல் ஆர்டர் சலுகைகள். ஒருவர் இரண்டையும் இரண்டு தாவல்களில் பயன்படுத்திவிடக் கூடாது. `customer_key` ஆக ஓடிபி மூலம் உறுதி செய்த தொலைபேசி எண்ணை, நாட்டுக் குறியீட்டோடு ஒரே வடிவில் வையுங்கள்.

கல்தூண்:

வீட்டு முகவரியையும் சேர்த்தால் இன்னும் இறுக்கமாகுமே?

ஏரிக்கரை:

முகவரியை வைத்துத் தடுக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். ஒரே விடுதியில் தங்கியிருப்பவர்கள், ஒரே வீட்டில் உள்ள அக்காவும் தம்பியும், உண்மையிலேயே தனித்தனி வாடிக்கையாளர்கள். முகவரி ஒத்துப்போனால் ஆர்டரைக் குறித்து வைத்து, அனுப்புவதற்கு முன் ஒருவர் கண்ணால் பார்க்கட்டும். இரண்டு சிம் கார்டு வைத்திருப்பவர் இரண்டு முறை பெறத்தான் செய்வார். அந்த அளவு இழப்பை நான் ஏற்றுக்கொள்வேன்.

நிரல்நாடி:

மாற்றங்களைச் செய்துவிட்டுச் சோதனைத் தளத்தில் ஓட்டினேன். `max_uses` மதிப்பை 5 என்று வைத்து, வெவ்வேறு தொலைபேசி எண்களில் 50 கோரிக்கைகளை ஒரே நேரத்தில் அனுப்பினேன். சரியாக ஐந்து மட்டுமே நுழைந்தன. பழைய நிரலில் அதே சோதனை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண்ணைத் தந்தது. ஒரே தொலைபேசி எண்ணில் அனுப்பியபோது ஒன்று மட்டும் போனது.

ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. ஒருவர் இடம் பிடித்து, 15 நிமிடம் கடந்து விடுவிக்கப்பட்ட பிறகு, பேமெண்ட் கேட்வேயிலிருந்து "பணம் வந்துவிட்டது" என்ற செய்தி தாமதமாக வந்தால் என்ன செய்வது? இதற்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போயிருக்கலாம்.

ஏரிக்கரை:

பேமெண்ட் பக்கத்தின் கெடுவை 10 நிமிடமாகவும் உங்கள் கெடுவை அதைவிட நீளமாகவும் வைத்தால் இது அரிதாகிவிடும். அப்படியும் வந்தால், நான் தள்ளுபடியைக் கொடுத்து எண்ணிக்கையை 201 ஆக விட்டுவிடுவேன். பணம் கட்டியவரிடம் தொகையை மாற்றிச் சொல்வது நியாயமில்லை.

மணல்வீடு:

வரம்பு விளம்பரத்துக்காக என்றால் அது சரி. ஒதுக்கிய தொகை அவ்வளவுதான் என்று கணக்குப் பிரிவு கறாராகச் சொல்லியிருந்தால், நான் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு மீண்டும் ஆர்டர் செய்யச் சொல்வேன்.

நிரல்நாடி:

எங்கள் வரம்பு எந்த வகை என்பதைக் கணக்குப் பிரிவிடம் கேட்டுவிட்டு இங்கேயே எழுதுகிறேன். அதுவரை தாமதமாக வரும் செய்திகளை நிரல் தானாக முடிவு செய்யாமல், எங்களில் ஒருவர் பார்ப்பதற்காக ஒதுக்கி வைக்கும்படி விட்டிருக்கிறேன்.