கட்டிய 1,000 ரூபாயில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு?

குடியாத்தத்திலிருந்து:
எங்கள் மகளிர் குழுவில் நான்தான் கணக்கு எழுதுகிறேன். ஓர் அக்கா 10,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார். மாதம் 1,000 அசல், நிலுவைக்கு நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி என்பது தீர்மானம். 200, 180, 160 என்று மூன்று மாதம் வட்டியோடு ஒழுங்காகக் கட்டினார். நிலுவை 7,000. நான்காம் மாதம் பீடிக் கூலி கைக்கு வரவில்லை என்று கூட்டத்துக்கே வரவில்லை. ஐந்தாம் மாதம் 1,000 ரூபாயை நீட்டி, "இதை அசலில் கழித்துக்கொள் தங்கச்சி, வட்டியை அப்புறம் தருகிறேன்" என்றார். இரண்டு மாத வட்டி 280 போக, 720தான் அசல், நிலுவை 6,280 என்று எழுதினேன். 6,000 என்று எதிர்பார்த்து வந்தவருக்கு முகம் வாடிவிட்டது.

பேரணாம்பட்டிலிருந்து:
இதற்கா சண்டை? சேமிப்பும் வட்டி வரவும் ஒரு பக்கம். கையிருப்பு, வங்கி இருப்பு, கடன் நிலுவை மறுபக்கம். மாதக் கடைசியில் இரண்டும் ஒத்துப்போனால் கணக்கு சரி. நாங்கள் அப்படித்தான் பார்க்கிறோம்.

அணைக்கட்டிலிருந்து:
எங்களுக்கும் வட்டித் தகராறுதான். வங்கிக் கடனுக்குத் தவணையை ஒரு வாரம் தாமதமாகக் கட்டினோம், பாஸ் புத்தகத்தில் வட்டி கூடியிருந்தது. யாரிடம் கேட்பது?

ஆற்காட்டிலிருந்து:
அணைக்கட்டு அம்மா, அது வங்கிக்கும் குழுவுக்கும் உள்ள கணக்கு. கிளையில் கடன் கணக்கின் விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். உள்கடன் பேரேட்டில் அதைக் கலக்காதீர்கள்.

பேரணாம்பட்டு சொல்லும் சோதனை தேவைதான், ஆனால் இந்தத் தவறு அதில் சிக்காது. 1,000 முழுவதையும் அசலில் வைத்தால் கையிருப்பில் 1,000 ஏறும், நிலுவையில் 1,000 இறங்கும். இரு பக்கமும் கச்சிதமாக ஒத்துப்போகும். 280 ரூபாய் வட்டிக்கு மட்டும் எங்கும் எழுத்து இருக்காது. 'அப்புறம்' என்பது யார் நினைவிலும் நிற்காது. ஆண்டு முடிவில் லாபம் பிரிக்கும்போதுதான் வட்டி வரவு குறைவது தெரியும், அப்போது யாருடையது என்று தேட முடியாது.

பல குழுக்களின் கணக்கைப் பார்த்தவள் என்பதால் சொல்கிறேன்: கடன் பேரேட்டில் வட்டி பாக்கிக்கென்று தனிக் கட்டம் போடுங்கள். கூட்டத்துக்கு வராத மாதமும் அதில் 140 என்று ஏற வேண்டும். உறுப்பினரின் பாஸ் புத்தகத்தைக் கூட்டத்திலேயே, அவர் கண்முன் எழுதுங்கள். ஒரு குழுவில் எல்லாப் புத்தகமும் ஊக்குநர் வீட்டுப் பையில் கிடந்தன. பேரேடு ஒன்று சொன்னது, உறுப்பினர்கள் வேறொன்று சொன்னார்கள்.

பாக்கி வட்டிக்கு வட்டி போட்டுவிடாதீர்கள். தீர்மானத்தில் இல்லாததைக் கணக்கர் சேர்க்கக் கூடாது.

குடியாத்தத்திலிருந்து:
நல்லது, கட்டம் போட்டுவிடுகிறேன். வராததற்கு 10 ரூபாய் அபராதமும் உண்டு. அதையும் அந்த 1,000 ரூபாயிலேயே எடுத்தால் அசலுக்கு 710தான் மிஞ்சும். தனியாகக் கேட்க வேண்டும் என்று பாதிப்பேர் சொல்கிறார்கள். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.