குடும்பப் படத்தில் சித்தப்பாவைச் சேர்க்கிறேன், வெளிச்சம் ஒட்டவில்லை

குடும்பமாகப் படம் எடுத்த அன்று சித்தப்பா வர முடியவில்லை. வேறொரு படத்திலிருந்து அவரை வெட்டி, போட்டோஷாப்பில் பின்வரிசையில் அப்பா பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

அளவு சரியாகிவிட்டது. முதலில் தோள் உயரத்தை வைத்துப் பொருத்தினேன், தலை பூசணிக்காய் மாதிரி தெரிந்தது. அப்புறம் அதே வரிசையில் நிற்பவர்களின் தாடையிலிருந்து உச்சிவரை அளந்து சுருக்கினேன். கூர்மைக்கு Gaussian Blur 0.8, மேலே கொஞ்சம் Add Noise. 100 சதவீதத்தில் பார்த்தால் இரண்டு பேர் புருவமும் ஒரே மாதிரி மங்கல்.

சிக்கல் வெளிச்சத்தில்தான். எல்லார் மூக்கு நிழலும் வலப்பக்கம் விழுகிறது, சித்தப்பாவுக்கு மட்டும் இடப்பக்கம். Flip Horizontal செய்தால் நிழல் சரி, ஆனால் சட்டைப்பையும் வகிடும் இடம் மாறிவிடுகின்றன. சித்தி பார்த்ததும், "இது அவர் மாதிரியே இல்லையே" என்றார்.

திருப்பாமல், 50 சதவீதச் சாம்பல் லேயரை Soft Light-இல் வைத்து Dodge, Burn செய்தேன். கன்னம் ஒத்துவந்தது. மூக்கு நிழலை வெளுத்தால் மட்டும் தோல் சாம்பல் பூத்துவிடுகிறது. நிறம் கெடாமல் அதை எடுப்பது எப்படி? மேகமூட்டத்தில் எடுத்த, நிழலே இல்லாத படம் ஒன்றும் இருக்கிறது. ஆனால் அதில் முகம் 200 பிக்சல்தான், மற்றவர்களுக்கு 320. பெரிதாக்கினால் தாங்குமா?