நான் 104 கிலோ, பின்னால் மனைவி 60 கிலோ: ஸ்பிரிங்கை மாற்றணுமா, ஆயிலை மாற்றணுமா?

வணக்கம் நண்பர்களே. 350 சிசி வண்டி, பின்னால் இரட்டை ஷாக், பயணதூரம் 100 மி.மீ. சென்டர் ஸ்டாண்டில் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து சீட் கம்பி வரை 560 மி.மீ. இருவரும் ஏறினால் 508. பிரீலோடை ஐந்தாவது, அதாவது கடைசிப் படிக்குத் திருப்பிய பிறகும் 517தான். 43 மி.மீ. அமுங்குகிறது; பயணதூரத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 33 போதும் என்பது வழக்கம். ஆள் இல்லாமல் வண்டி மட்டும் 3 மி.மீ.தான் இறங்குகிறது. பிரீலோடு உயரத்தைத்தான் மாற்றும், விறைப்பை அல்ல. அப்படியானால் ஸ்பிரிங்கே மெலிது என்று எடுத்துக்கொள்ளலாமா? இந்த எடைக்கு யாராவது கனமான ஸ்பிரிங் போட்டிருக்கிறீர்களா?

அப்புறம் முன்பக்கம். பிரேக் பிடித்தால் ஃபோர்க் அடிவரை இறங்குகிறது. 10W ஆயிலுக்குப் பதில் 15W ஊற்றலாம் என்கிறார் மெக்கானிக். கெட்டி ஆயில் இறங்குவதை மெதுவாக்கும், சரி. ஆனால் எழுவதையும் மெதுவாக்குமே! அடுத்தடுத்த குழிகளில் ஃபோர்க் மேலே வராமல் அமுங்கியே நிற்காதா? அதைவிட 10W-ஐயே வைத்து, ஆயில் மட்டத்தை 10 மி.மீ. உயர்த்தினால், உள்ளே காற்றிடம் குறைந்து கடைசிப் பகுதி மட்டும் விறைக்கும் என்று நினைக்கிறேன். சீலுக்குக் கேடு வருமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.